109 ஸ்கேன் படங்களும் ஒரு வளைகோடும்

ஆர்.ஓ.சி. வளைகோடு என்பது ஒரு வகைப்படுத்தி செய்யக்கூடிய இரண்டு விதத் தவறுகளையும் ஒரே படத்தில் காட்டும் வரைபடம். ஆட்களை நோய் உள்ளவர், இல்லாதவர் என்றோ, மின்னஞ்சல்களைக் குப்பை, நல்லது என்றோ, கடன் கேட்டு வருபவர்களைத் திருப்பிக் கட்டுபவர், கட்டாதவர் என்றோ இரண்டாகப் பிரிக்கும் எதுவும் வகைப்படுத்திதான். அது கணினி நிரலாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனையாக இருக்கலாம், படம் பார்த்துப் பழகிய ஒரு மருத்துவரின் கண்ணாகவும் இருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவை எடுத்த எடுப்பில் 'ஆம்', 'இல்லை' என்று சொல்லிவிடுவதில்லை. முதலில் ஒரு மதிப்பெண் தருகின்றன. அதன் பிறகு யாரோ ஒருவர், 'இந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் ஆம்' என்று ஒரு வெட்டெல்லையை வைக்கிறார்.

வெட்டெல்லை இயற்கையில் கிடைப்பது அல்ல, மனிதர்கள் வைப்பது. வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை 140 மில்லிகிராமைத் தொட்டால் நீரிழிவு என்று ஒரு காலத்தில் கணக்கு இருந்தது. 1997-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அதை 126-க்கு இறக்கியது. அன்றைக்கு யாருடைய ரத்தமும் மாறவில்லை. ஆனால் 130 என்ற அளவோடு முந்தின நாள் வரை வெளியே நின்றவர்கள் எல்லைக்கு உள்ளே வந்துவிட்டார்கள். எல்லையைக் கீழே இறக்கினால் உண்மையான நோயாளிகள் கூடுதலாகப் பிடிபடுவார்கள். கூடவே நோய் இல்லாதவர்கள் சிலரும் மாட்டுவார்கள். மேலே ஏற்றினால் வீண் பயம் குறையும், ஆனால் சில நோயாளிகள் தப்பிப் போவார்கள். இந்த எல்லையை உச்சியிலிருந்து அடிவரை ஒவ்வொரு படியாக நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் என்ன கிடைக்கிறது, என்ன போகிறது என்று குறித்துக்கொண்டே வந்தால் கிடைப்பதுதான் ஆர்.ஓ.சி. வளைகோடு.

பெயரின் விரிவு ரிசீவர் ஆப்பரேட்டிங் கேரக்டரிஸ்டிக். இதில் வரும் ரிசீவர், ரேடார் அலைகளைப் பெறும் கருவி. இரைச்சலுக்கு நடுவே வந்தது உண்மையான சமிக்ஞையா, வெறும் இரைச்சலா என்று தீர்மானிக்கும் சிக்கலிலிருந்து இந்த முறை பிறந்தது. 1950-களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர்சன், பேர்ட்சால், ஃபாக்ஸ் ஆகியோர் அதன் கணிதத்தை ஒழுங்குபடுத்தினர். அங்கிருந்து உளவியலுக்குப் போய், 1960 வாக்கில் லீ லஸ்டட் வழியாக எக்ஸ்ரே படங்கள் பார்ப்பவர்களிடம் வந்து சேர்ந்தது. இன்று கணினிக் கற்றலில் இந்தக் கோடு இல்லாத ஆய்வுக் கட்டுரையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கோட்டை வாசிக்கக் கற்றுக்கொள்ள, மருத்துவத் துறையில் பலரும் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஒரு சின்னத் தரவுத் தொகுப்பு உண்டு. 1982-இல் 'ரேடியாலஜி' இதழில் ஜேம்ஸ் ஹேன்லியும் பார்பரா மெக்னீலும் எழுதிய கட்டுரையில் அது வருகிறது. நரம்பு மண்டலத் தொல்லைகளோடு வந்த 109 பேரின் சி.டி. ஸ்கேன் படங்களை ஒரே ஒருவர் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டார். 1 என்றால் நிச்சயமாகக் கோளாறு இல்லை, 2 என்றால் அநேகமாக இல்லை, 3 என்றால் சந்தேகம், 4 என்றால் அநேகமாக உண்டு, 5 என்றால் நிச்சயமாக உண்டு. உண்மையில் கோளாறு இருந்தவர்கள் 51 பேர், இல்லாதவர்கள் 58 பேர். மதிப்பெண்கள் விழுந்த விதம் இது:

| மதிப்பெண் | கோளாறு இல்லாதவர்கள் | கோளாறு உள்ளவர்கள் |
|---|---|---|
| 1 | 33 | 3 |
| 2 | 6 | 2 |
| 3 | 6 | 2 |
| 4 | 11 | 11 |
| 5 | 2 | 33 |
| மொத்தம் | 58 | 51 |

இங்கே வகைப்படுத்தி ஒரு மனிதர். அவருடைய இடத்தில் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே பத்து தசம இடங்களோடு மதிப்பெண் போடும் ஒரு கணினி மாதிரியை வைத்தாலும் இனி வரும் கணக்கு மாறாது. படிகளின் எண்ணிக்கைதான் கூடும். ஐந்தே படிகள் இருப்பதால் இந்தக் கணக்கைத் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு முடித்துவிடலாம் என்பதே இதிலுள்ள வசதி.

எல்லையை முதலில் மிகக் கண்டிப்பான இடத்தில் வைப்போம்: 5 வாங்கிய படத்தை மட்டுமே 'கோளாறு' என்று சொல்வது. அப்போது கோளாறு உள்ள 51 பேரில் 33 பேர் பிடிபடுகிறார்கள். அது 0.65. இதற்குப் பிடிபடும் விகிதம் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். மருத்துவ நூல்கள் உணர்திறன் என்கின்றன. கோளாறு இல்லாத 58 பேரில் 2 பேர் தவறாக மாட்டுகிறார்கள். அது 0.03, இது பொய் எச்சரிக்கை விகிதம். வரைபடத்தின் கிடை அச்சு பொய் எச்சரிக்கைக்கு, நிமிர்ந்த அச்சு பிடிபடும் விகிதத்துக்கு. ஆகவே முதல் புள்ளி இடப்பக்கச் சுவரை ஒட்டி, பாதி உயரத்துக்குச் சற்று மேலே விழுகிறது.

எல்லையை 4-க்கு இறக்கினால் 44 பேர் பிடிபடுகிறார்கள், 13 பேர் தவறாக மாட்டுகிறார்கள். விகிதங்கள் 0.86, 0.22. 3-க்கு இறக்கினால் 46 பேரும் 19 பேரும், அதாவது 0.90, 0.33. 2-க்கு இறக்கினால் 48 பேரும் 25 பேரும், 0.94, 0.43. 1-க்கே இறக்கிவிட்டால் வந்த எல்லோரையும் கோளாறு என்றே சொல்லியாயிற்று. இரண்டு விகிதமும் 1, புள்ளி வலது மேல் மூலை. யாரையுமே கோளாறு என்று சொல்லாமல் இருந்துவிட்டால் இரண்டும் பூஜ்யம், புள்ளி இடது கீழ் மூலை. இந்த ஆறு புள்ளிகளையும் வரிசையாகச் சேர்த்தால் வளைகோடு கிடைத்துவிடும். இடது கீழ் மூலையில் தொடங்கி வலது மேல் மூலையில் முடிவது எல்லா ஆர்.ஓ.சி. கோடுகளுக்கும் பொது. நடுவில் எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் ஒன்றுக்கொன்று வேறுபாடு.

ஒரு தவறும் செய்யாத வகைப்படுத்தியின் கோடு இடது சுவரிலேயே நேராக உச்சிக்கு ஏறி, பிறகு கூரையை ஒட்டி வலப்பக்கம் போகும். நாணயம் சுண்டிப் போட்டு மதிப்பெண் கொடுப்பவரின் கோடு மூலைக்கு மூலை மூலைவிட்டத்திலேயே கிடக்கும். கோளாறு உள்ளவர்களில் எத்தனை சதவீதம் பிடிபடுகிறார்களோ, இல்லாதவர்களிலும் அதே சதவீதம் மாட்டுகிறார்கள் என்பது அதன் பொருள். கோடு மொத்தமாக மூலைவிட்டத்துக்குக் கீழே தொங்கினால் வகைப்படுத்தி மோசம் என்று உடனே முடிவுகட்டக் கூடாது. பெரும்பாலும் 'உண்டு', 'இல்லை' குறிகளை யாரோ தலைகீழாகக் கொடுத்திருப்பார்கள். தொடர்ந்து தவறாகவே சொல்கிறவரின் பேச்சைத் திருப்பிப் போட்டால் நல்ல தகவல் கிடைக்குமே.

புள்ளிகளைவிட, ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்குப் போகும் துண்டின் சாய்வில்தான் அதிகம் கற்றுக்கொள்ள இருக்கிறது. எல்லையை 5-இலிருந்து 4-க்கு இறக்கியபோது கூடுதலாகக் கிடைத்தவர்கள் 11 நோயாளிகள். அதற்காகக் கூடுதலாக மாட்டியவர்கள் 11 பேர். தலைக்குத் தலை சரி. 4-இலிருந்து 3-க்கு இறங்கியபோது 2 நோயாளிகளுக்காக 6 பேரை அலைக்கழிக்க வேண்டியதாயிற்று. கடைசிப் படியில், எஞ்சிய 3 நோயாளிகளுக்காக 33 பேர். கோடு ஆரம்பத்தில் செங்குத்தாக ஏறி, போகப் போகப் படுத்துக்கொள்வது இதனால்தான். தொடக்கத்தில் சந்தேகமே இல்லாத நோயாளிகள் மலிவாகக் கிடைத்துவிடுகிறார்கள். கடைசியில் மிஞ்சுகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டிய விலை ஏறிக்கொண்டே போகிறது.

வெறும் துல்லியம், அதாவது நூற்றுக்கு எத்தனை சரி என்ற கணக்கு, இந்த இடத்தில் எவ்வளவு கண் கட்டும் என்பதற்கு இந்தத் தரவே சாட்சி. எல்லை 5 என்றால் பிடிபட்ட 33 பேரும் சரியாக விடுவிக்கப்பட்ட 56 பேரும் சேர்ந்து 89 சரி. எல்லை 4 என்றால் 44-உம் 45-உம் சேர்ந்து அதே 89. இரண்டிலும் துல்லியம் 82 சதவீதம்தான். ஆனால் முதல் முறையில் 18 நோயாளிகள் 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள், இரண்டாவதில் 7 பேர்தான். முதல் முறையில் 2 பேர் வீணாகப் பதறுகிறார்கள், இரண்டாவதில் 13 பேர். துல்லியம் என்ற ஒற்றை எண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. வளைகோட்டில் இவை வெகு தூரத்தில் நிற்கும் இரண்டு புள்ளிகள்.

இனி பரப்பு. ஆங்கில எழுத்துகளில் ஏ.யு.சி. என்று சொல்லப்படுவது இந்தக் கோட்டுக்குக் கீழே, கட்டத்துக்குள் அடங்கும் இடத்தின் அளவு. கட்டத்தின் அகலம் ஒன்று, உயரம் ஒன்று; ஆகவே முழுப் பரப்பும் ஒன்று. தவறே செய்யாத வகைப்படுத்திக்குப் பரப்பு 1, நாணயம் சுண்டுபவருக்கு 0.5. நம்முடைய 109 படங்களின் கோட்டுக்குக் கீழே ஒவ்வொரு துண்டையும் சரிவகமாக வெட்டிக் கூட்டினால் 0.893 வருகிறது.

இந்த 0.893 எதைச் சொல்கிறது? அதை 89 சதவீதம் சரி என்று வாசிப்பவர்கள் ஏராளம். அது பிழை, துல்லியம் 82 சதவீதத்தைத் தாண்டவில்லை என்று இப்போதுதான் பார்த்தோம். அதற்குச் சரியான வாசிப்பு ஒன்று உண்டு, கேட்க எளியதும்கூட. கோளாறு உள்ளவர்களில் கண்ணை மூடிக்கொண்டு ஒருவரை எடுக்க வேண்டும். இல்லாதவர்களில் அதே போல் ஒருவரை எடுக்க வேண்டும். இந்த இருவரில் கோளாறு உள்ளவருக்கே கூடுதல் மதிப்பெண் விழுந்திருக்கும் வாய்ப்பு எவ்வளவோ, அதுதான் பரப்பு.

சரிபார்ப்பது கடினமில்லை. 51 பேரையும் 58 பேரையும் ஒருவருக்கு ஒருவர் ஜோடி சேர்த்தால் 2,958 ஜோடிகள். 5 வாங்கிய 33 நோயாளிகளை எடுத்துக்கொள்வோம். அவர்கள் ஒவ்வொருவரும் 4-உம் அதற்குக் குறைவும் வாங்கிய 56 பேரை வெல்கிறார்கள். 5 வாங்கிய 2 பேரோடு சமன். சமனுக்கு அரைப் புள்ளி என்பது வழக்கம். ஆகத் தலைக்கு 57 புள்ளிகள், 33 பேருக்கு 1,881. 4 வாங்கிய 11 பேர் ஒவ்வொருவரும் 45 பேரை வென்று 11 பேரோடு சமன் ஆகிறார்கள், தலைக்கு 50.5, மொத்தம் 555.5. இதே வழியில் 3 வாங்கிய இருவருக்கு 84, 2 வாங்கிய இருவருக்கு 72, 1 வாங்கிய மூவருக்கு 49.5. எல்லாவற்றையும் கூட்டினால் 2,642. அதை 2,958-ஆல் வகுத்தால் 0.893. கோடு வரையாமலேயே அதே பரப்பு வந்துவிட்டது. புள்ளியியலில் மான், விட்னி ஆகிய இருவர் 1947-இல் வெளியிட்ட சோதனையின் எண்ணும் இந்த ஜோடிக் கணக்கும் ஒன்றேதான். சரிவகங்களை வெட்டுவதும் ஜோடிகளை எண்ணுவதும் ஒரே வேலையை இரண்டு கோணத்தில் செய்வது.

ஜோடிக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் பரப்பின் பலமும் பலவீனமும் தாமாகவே வெளியே வரும். யாருக்கு யாரைவிட அதிகம் என்பது மட்டுமே அதில் நுழைகிறது. எவ்வளவு அதிகம் என்பது நுழைவதே இல்லை. 1, 2, 3, 4, 5 என்பதற்குப் பதில் 1, 10, 11, 50, 1000 என்று மதிப்பெண்களை மாற்றி எழுதினாலும் ஒரு ஜோடியின் முடிவுகூட மாறாது, பரப்பும் 0.893-ஆகவே நிற்கும். வரிசை கலையாத வரை எதுவும் அதை அசைக்காது. ஒரு கணினி மாதிரி ஒருவருக்கு 'நோய் வர 80 சதவீத வாய்ப்பு' என்று சொல்லி, உண்மையில் அப்படிச் சொல்லப்பட்டவர்களில் 20 சதவீதம் பேருக்குத்தான் நோய் வந்தது என்றாலும், வரிசை சரியாக இருந்தால் அதன் பரப்பு பளபளவென்றே இருக்கும். ஆகவே அந்தச் சதவீதத்தை நோயாளியிடம் அப்படியே சொல்லப் போகிறவர்கள் பரப்பை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. சொன்ன வாய்ப்பும் நடந்ததும் ஒத்துப்போகின்றனவா என்று தனியாகப் பார்த்தாக வேண்டும்.

இன்னொரு பண்பு, கோளாறு உள்ளவர்கள் எத்தனை பேர், இல்லாதவர்கள் எத்தனை பேர் என்ற விகிதம் கோட்டைப் பாதிக்காது என்பது. ஒவ்வொரு அச்சும் ஒரே ஒரு கூட்டத்துக்குள் எடுத்த விகிதம். கோளாறு இல்லாதவர்களை 58-இலிருந்து 5,800 ஆக்கினாலும், அவர்கள் அதே வகையினராக இருந்தால், கோடு அதே இடத்தில் கிடக்கும். வெவ்வேறு ஊர்களின் முடிவுகளை ஒப்பிட இது பெரிய வசதி. ஆனால் இதே பண்புதான் ஆபத்தும். நடைமுறையில் மக்களைக் கடுமையாகப் பாதிக்கும் ஒரு விஷயத்தை அது படத்திலிருந்து அழித்துவிடுகிறது.

ஹேன்லி, மெக்னீல் தரவில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கோளாறு இருந்தது. அதே கண்ணை, அதே விகிதங்களோடு, நூற்றுக்கு ஒருவருக்கு மட்டும் கோளாறு இருக்கும் 10,000 பேரிடம் கொண்டுபோவதாக வைத்துக்கொள்வோம். 100 பேருக்குக் கோளாறு, 9,900 பேருக்கு இல்லை. எல்லை 4 என்றால் நோயாளிகளில் 86 பேர் பிடிபடுவார்கள். இல்லாதவர்களில் 2,219 பேர் மாட்டுவார்கள். 'உங்களுக்குக் கோளாறு இருக்கும் போலிருக்கிறது' என்று சொல்லப்பட்ட 2,305 பேரில் உண்மையாகவே இருப்பவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. பழைய 109 பேரிடம் இதே எல்லையில் மாட்டிய 57 பேரில் 44 பேருக்கு, அதாவது 77 சதவீதம் பேருக்கு, கோளாறு இருந்தது. வளைகோடு மாறவில்லை, பரப்பு மாறவில்லை, எச்சரிக்கையின் நம்பகம் மட்டும் தரைமட்டமாகிவிட்டது.

எல்லையை 5-க்கு ஏற்றினால் 65 நோயாளிகள், 341 பொய் எச்சரிக்கைகள். அப்போது மாட்டியவர்களில் ஆறில் ஒருவருக்குக் கோளாறு. முன்பு தலைக்குத் தலை சரி என்று சொன்ன அந்த 5-இலிருந்து 4-க்கு இறங்கும் படியை இங்கே மறுபடி பார்த்தால் கதையே வேறு. கூடுதலாக சுமார் 22 நோயாளிகள்; அதற்குக் கூடுதல் விலை 1,878 பேரின் வீண் அலைச்சல். ஒரு நோயாளிக்கு 87 பேர் என்ற கணக்கு. அந்த விலை கட்டுப்படியாகுமா என்பது, தப்பவிட்டால் என்ன ஆகும், வீணாகப் பிடித்தால் அடுத்து என்ன பரிசோதனை காத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. மண்டையைத் திறக்க வேண்டிய அறுவையா, இன்னொரு முறை ஸ்கேன் எடுப்பதா? எல்லையை எங்கே வைப்பது என்பதைத் தீர்மானிக்க இரண்டு எண்கள் கட்டாயம் வேண்டும்: இந்தக் கூட்டத்தில் கோளாறு எவ்வளவு அரிது, ஒரு வகைத் தவறு மற்றதைவிட எத்தனை மடங்கு மோசம். இரண்டுமே வளைகோட்டில் இல்லை. 'கோட்டில் இடது மேல் மூலைக்கு மிக அருகிலுள்ள புள்ளியை எடு' என்று பாடநூல்களில் காணப்படும் குறுக்குவழி, இந்த இரண்டையும் யாரிடமும் கேட்காமல் சமமாக வைத்துவிடும் வேலைதான்.

கடன் அட்டை மோசடி, அரிய நோய்கள் போன்றவற்றில் பணிபுரிபவர்கள் பரப்பு 0.95 என்று கேட்டும் உற்சாகப்படாமல் இருப்பதற்கு இதுவே காரணம். அவர்களுக்கு வேண்டிய கேள்வி வேறு: எச்சரிக்கை மணி அடித்த நூறு முறையில் எத்தனை முறை உண்மை? அதற்கு வேறொரு கோடு வரைய வேண்டும்; அந்தக் கோடு அரிதான தன்மைக்கு ஏற்பத் தாழும்.

யார் யாரோடு ஜோடி சேர்க்கப்படுகிறார்கள் என்பதும் பரப்பை ஏற்றி இறக்கும். 1982-ஆம் ஆண்டுத் தரவில் கோளாறு இல்லாத 58 பேரும் ஏதோ ஒரு நரம்புத் தொல்லையோடு வந்தவர்களே. படத்தைப் பார்ப்பவருக்கு உண்மையான குழப்பம் இருந்தது. அவர்களுக்குப் பதிலாக, எந்தத் தொல்லையும் இல்லாத இருபது வயது இளைஞர்களின் படங்களை வைத்திருந்தால் 4-உம் 5-உம் வாங்குபவர்கள் குறைந்திருப்பார்கள், பரப்பு ஏறியிருக்கும். மருத்துவர் ஒரு துளிகூட மேம்பட்டிருக்க மாட்டார். புதிய பரிசோதனை ஒன்றுக்கு வியக்கத்தக்க பரப்பு அறிவிக்கப்படும்போது முதலில் பார்க்க வேண்டியது, 'இல்லாதவர்கள்' எங்கிருந்து வந்தார்கள் என்பதை. முற்றிய நோயாளிகளையும் முழு ஆரோக்கியமானவர்களையும் எதிரெதிரே நிறுத்தினால் எந்தக் கருவியும் ஜெயிக்கும்.

ஒரே பரப்புள்ள இரண்டு வகைப்படுத்திகள் ஒரே வேலைக்கு ஏற்றவை என்பதும் இல்லை. கணக்குக்காக இரண்டு பரிசோதனைகளைக் கற்பனை செய்துகொள்ளலாம். முதலாவது, நோயாளிகளில் 60 சதவீதம் பேரை ஒரு பொய் எச்சரிக்கைகூட இல்லாமல் பிடித்துவிடுகிறது. மீதி 40 சதவீதத்தை ஆரோக்கியமானவர்களிலிருந்து பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. அதன் கோடு இடது சுவரில் 0.6 வரை ஏறி, அங்கிருந்து நேர்க்கோடாக வலது மேல் மூலைக்குப் போகும். பரப்பு 0.8. இரண்டாவது, ஆரோக்கியமானவர்களில் 60 சதவீதம் பேரை ஒரு நோயாளியைக்கூடத் தவறவிடாமல் ஒதுக்கிவிடுகிறது. எஞ்சிய கூட்டத்துக்குள் அது குருடு. அதன் கோடு கீழ் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, பொய் எச்சரிக்கை 0.4 ஆகும் இடத்தில் கூரையைத் தொடும். பரப்பு அதுவும் 0.8. அறுவைக்கு அனுப்பும் முன் உறுதி செய்ய முதலாவதுதான் வேண்டும். நூறு பேர் நிற்கும் வரிசையில் கவலைப்பட வேண்டாதவர்களை முதலில் வீட்டுக்கு அனுப்ப இரண்டாவதுதான் வேண்டும். மாற்றி வைத்தால் இரண்டுமே வீண். கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடங்களில் பரப்பை ஒப்பிடுவதைவிட, வேலை நடக்கப் போகும் பகுதியில் எது மேலே இருக்கிறது என்று படத்தைப் பார்ப்பதே மேல். 0.7 சுமார், 0.8 நன்று, 0.9 அருமை என்று தரம் பிரிக்கும் பட்டியல்கள் புழக்கத்தில் இருக்கின்றன. மேலே சொன்ன இரண்டு பரிசோதனைகளுக்கும் அவை ஒரே தரச்சான்றிதழைத்தான் கொடுக்கும்.

இன்னும் ஒரு சங்கதி, 0.893 என்ற எண்ணின் மூன்றாவது இலக்கத்தை எவ்வளவு நம்பலாம் என்பது. அது 109 பேரிடமிருந்து வந்தது. வேறு 109 பேர் அன்றைக்கு வந்திருந்தால் எண் சற்று மாறியிருக்கும். ஹேன்லியும் மெக்னீலும் அதே கட்டுரையில் இந்த ஆட்டத்தைக் கணிக்க ஒரு சூத்திரம் தந்தார்கள். அதில் இந்த எண்களைப் போட்டால் திட்டப்பிழை 0.03-க்குச் சற்று மேல் வருகிறது. உண்மையான பரப்பு ஏறத்தாழ 0.83-க்கும் 0.96-க்கும் நடுவே இருக்கலாம் என்பது அதன் பொருள். இந்த அளவு மாதிரியை வைத்துக்கொண்டு, 0.89 எடுத்த முறை 0.87 எடுத்த முறையை வென்றது என்று அறிவிப்பது அவசரம். இரண்டு முறைகளும் ஒரே ஆட்களின் மேல் சோதிக்கப்பட்டிருந்தால் ஏற்ற இறக்கங்கள் இரண்டிலும் சேர்ந்தே நிகழும் என்பதால் ஒப்பீடு கூர்மையாகும். அதற்கான கணக்கை டிலாங்கும் சகாக்களும் 1988-இல் வகுத்தார்கள். புள்ளியியல் மென்பொருள்களில் அது அவர்கள் பெயராலேயே இருக்கிறது.

கணினியில் இந்தப் பரப்பைக் கணக்கிடுகிறவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பைதான் மொழியின் scikit-learn தொகுப்பில் இதற்கான கட்டளை `roc_auc_score`. அதற்குக் கொடுக்க வேண்டியது மதிப்பெண்கள். அவசரத்தில் வெட்டெல்லை போட்டு முடித்த 'ஆம், இல்லை' முடிவுகளையே, அதாவது 1-களையும் 0-களையும், கொடுத்துவிடுவார்கள். கணினி பிழை என்று கத்தாது. ஒரு எண்ணைத் தந்துவிடும். நம் 109 படங்களுக்கு 4 என்ற எல்லையை முன்பே போட்டுவிட்டு முடிவுகளை மட்டும் கொடுத்தால் 0.893-க்குப் பதில் 0.819 வரும். 5-க்கும் 4-க்கும் இருந்த வேறுபாடும், 1, 2, 3 ஆகியவற்றுக்குள் இருந்த வேறுபாடும் அழிந்து, ஏராளமான ஜோடிகள் சமனாகிவிடுவதால் வரும் இழப்பு அது. இதைக் கண்டுபிடிக்க எண்ணைப் பார்த்துப் பயனில்லை, கோட்டை வரைய வேண்டும். ஆயிரக்கணக்கான ஆட்களின் தரவில் படிப்படியாக வளைந்து போக வேண்டிய கோடு, ஒரே ஒரு முனையோடு இரண்டு நேர்க்கோட்டுத் துண்டுகளாகத் திரையில் நின்றால், உள்ளே போனது மதிப்பெண் அல்ல, முடிவுகள்.